தெளிவாக இருக்கும் பெட் பிரிஃபார்மில் 27 விழுக்காடு படிகத்தன்மையா? டி.எஸ்.சி. வரைபடத்தை எப்படி வாசிப்பது

செந்தில்குமார், கஞ்சிக்கோடு

அனைவருக்கும் வணக்கம். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் தண்ணீர் பாட்டிலாக ஊதப்படும் பெட் பிளாஸ்டிக் குழாயான பிரிஃபார்மை வார்க்கும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் பாட்டில் ஊதும் வாடிக்கையாளர் ஒருவர், பிரிஃபார்மில் மங்கல் இருக்கிறது என்று ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதனால், துண்டைச் சூடாக்கிக்கொண்டே அது உறிஞ்சும், உமிழும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. சோதனைக்கு வெளி ஆய்வகம் ஒன்றில் கொடுத்தோம். பிரிஃபார்மின் நடுச்சுவரிலிருந்து வெட்டிய 6.40 மில்லிகிராம் துண்டை அலுமினியப் பாத்திரத்தில் மூடி, நைட்ரஜன் ஓட்டத்தில் 30 டிகிரியிலிருந்து 280 டிகிரி வரை நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாக்கியிருக்கிறார்கள்.

வரைபடத்தில் வெப்பம் உமிழ்வது மேல்நோக்கி வருகிறது. 78 டிகிரி அருகே ஒரு படி, அதை ஒட்டியே 81 டிகிரியில் கீழ்நோக்கி ஒரு சிறு முனை, 134 டிகிரியில் மேல்நோக்கி ஒரு மேடு, 247 டிகிரியில் கீழ்நோக்கிப் பெரிய முனை என்று நான்கு இடங்கள் தெரிகின்றன. அறிக்கையில் உருகு என்தால்பி 37.8 ஜூல்/கிராம், படிகத்தன்மை 27 விழுக்காடு என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது பொருந்தவில்லை. அதே சுவரை அச்சிட்ட தாளின் மேல் வைத்தால் எழுத்து தெளிவாகப் படிக்க வருகிறது. 27 விழுக்காடு படிகம் இருந்தால் சுவர் வெளுத்திருக்க வேண்டாமா?

சந்தேகத்தில் மூலத் தரவைக் கேட்டு வாங்கி, கணினி விரிதாளில் வெப்பநிலைக்கு எதிராக வெப்பப் பாய்வை வரைந்து, 247 டிகிரி முனையின் பரப்பைக் கணக்கிட்டேன். 6.3 வந்தது. அதை முழுப் படிக பெட்டின் உருகு என்தால்பியான 140-ஆல் வகுத்தால் 4.5 விழுக்காடுதான். எந்த எண்ணை நம்புவது?

ரமேஷ், வேலந்தாவளம்

செந்தில் சார், ஆய்வகம் 134 டிகிரி மேட்டைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதே முதல் கோளாறு. சூடாக்கும்போதே துண்டு அங்கே படிகமாகிறது. அப்படி உருவான படிகமும் சேர்ந்துதான் 247 டிகிரியில் உருகுகிறது. ஆகவே உருகு என்தால்பியான ΔHm-இலிருந்து அந்த மேட்டின் பரப்பான ΔHcc-ஐக் கழிக்க வேண்டும்.

```
X = (ΔHm − ΔHcc) / 140 × 100
```

இன்னும் இரண்டு விஷயங்கள். உருகுநிலையை 247 என்று எழுதியதும் தவறு. முனையின் இடது சரிவுக்குத் தொடுகோடு வரைந்து, அது அடிக்கோட்டைத் தொடும் இடத்தைத்தான் எடுக்க வேண்டும். இண்டியத்தை வைத்துக் கருவியைச் சரிபார்க்கும்போது 156.6 டிகிரியை அப்படித்தான் வாசிக்கிறோம். 81 டிகிரி முனை ஈரம் வெளியேறுவதாக இருக்கும். காலவர்ஷம் தொடங்கியபின் எடுத்த சோதனை என்றால் அதில் வியப்பில்லை.

மீனாட்சி, தத்தமங்கலம்

கல்லூரியில் பாலிமர் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கருவியோடு நீண்ட காலம் பழகியவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் செந்தில்குமாரின் 6.3. அவருடைய தரவில் வெப்பப் பாய்வு வாட்/கிராம் அலகில் இருக்கிறது. கிடையச்சு வெப்பநிலை. அப்படியானால் பரப்பின் அலகு வாட்-டிகிரி/கிராம். என்தால்பிக்கு நமக்கு வேண்டியது வாட்-நொடி, அதாவது ஜூல். நிமிடத்துக்கு 10 டிகிரி என்றால் ஒரு டிகிரியைக் கடக்க 6 நொடி ஆகிறது. ஆகவே 6.3-ஐ 6-ஆல் பெருக்கினால் 37.8 ஜூல்/கிராம் கிடைக்கும். ஆய்வகத்தின் எண்ணும் அதுதான். இரண்டு கணக்குக்கும் இடையே முரண்பாடு எதுவும் இல்லை. கருவியின் மென்பொருள் பரப்பை நேரத்தின் மேல் கூட்டுகிறது, விரிதாளில் நீங்கள் வெப்பநிலையின் மேல் கூட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். 134 டிகிரி மேட்டின் பரப்பையும் இதேபோல் எடுத்துச் சொல்லுங்கள்.

ரமேஷ் கழிக்கச் சொன்னது சரியே. ஆனால் இண்டியத்தின் விதியை அவர் பெட்டுக்குக் கொண்டுவருவது பொருந்தாது. தூய உலோகம் ஒரே வெப்பநிலையில் உருகுகிறது. அதன் முனையின் இடது சரிவு, பாத்திரத்தின் வழியாக வெப்பம் வந்து சேரும் தாமதத்தால் உண்டாவது. அதனால் சரிவின் தொடக்கமே உண்மையான உருகுநிலை. பெட்டில் தடித்த படிகத் தகடுகளும் மெல்லிய தகடுகளும் கலந்திருக்கின்றன. மெல்லியவை 220 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்க, தடித்தவை 250-ஐ ஒட்டி உருகுகின்றன. அங்கே இடது சரிவு தகடுகளின் தடிமன் பரவலைக் காட்டுகிறது. அதற்குத் தொடுகோடு வரைந்து கிடைக்கும் 235-க்கோ 238-க்கோ தனியாக ஒரு பொருளும் இல்லை, வரைபவரின் கையைப் பொறுத்து அது மாறவும் செய்யும். அதனால்தான் பாலிமருக்கு முனையின் உச்சியை உருகுநிலையாக எழுதி, கூடவே சூடாக்கிய வேகத்தையும் துண்டின் எடையையும் குறிப்பிடுகிறோம். கருவியைச் சரிபார்க்க இண்டியத்தின் தொடக்கம், பாலிமரை அறிக்கையிட உச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

81 டிகிரி முனை ஈரம் என்பதையும் நான் ஏற்கவில்லை. நீர் வெளியேறுவது 50 டிகிரியில் தொடங்கி 120-ஐத் தாண்டியும் நீளும் ஆழமற்ற பள்ளமாக வரும். படியின் காலடியில் இப்படிக் குறுகிய முனையாக வராது. இது கண்ணாடி நிலைமாற்றத்தோடு சேர்ந்து வரும் முதுமை முனை. வார்த்த பிரிஃபார்ம் வேகமாகக் குளிர்கிறபோது அதன் சங்கிலிகள் சமநிலைக்கு வராமல் உறைந்துவிடுகின்றன. பிறகு கிடங்கில் கிடக்கும்போது மெல்ல மெல்லத் தளர்ந்து ஆற்றலை இழக்கின்றன. அப்படி இழந்ததை, சூடாக்கும்போது 80 டிகிரியை ஒட்டி மொத்தமாகத் திரும்ப உறிஞ்சுகின்றன. பாலக்காட்டுக் கோடையில் தகரக் கூரைக்குக் கீழே சரக்கு கிடந்திருந்தால் இந்த முனை வளர்ந்திருக்கும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. புதிய துண்டு ஒன்றை 100 டிகிரி வரை மட்டும் சூடாக்கி, உடனே 30-க்கு வேகமாக இறக்கி, மறுபடி சூடாக்குங்கள். முதுமை முனை என்றால் அது காணாமல் போய், படி மட்டும் நிற்கும். கிடங்கில் எத்தனை நாள் இருந்தது என்று தெரியுமா?

செந்தில்குமார், கஞ்சிக்கோடு

டீச்சர், மிக்க நன்றி. அந்தச் சரக்கு மார்ச்சில் வார்த்தது, ஜூன் வரை கிடங்கில்தான் இருந்தது. கூரை தகரம்தான்.

134 டிகிரி மேட்டின் பரப்பு 4.9 வருகிறது. 6-ஆல் பெருக்கினால் 29.4 ஜூல்/கிராம். ரமேஷ் சார் தந்த வாய்ப்பாட்டில் இட்டால் 37.8-இலிருந்து 29.4 போக 8.4. அதை 140-ஆல் வகுத்தால் 6 விழுக்காடு. ஆய்வகத்தின் 27 எங்கே, இது எங்கே. இதை வாடிக்கையாளருக்கு எழுதிவிடலாமா?

அனிதா, சித்தூர்

நான் புரதங்களின் வெப்ப நிலைப்புத்தன்மையில் ஆய்வு செய்கிறேன். முட்டை வெண்கரு லைசோசைமைக் கரைசலில் வைத்து இதே வகைச் சோதனையைச் செய்கிறோம். எங்கள் வழக்கத்தில் முதல் சூடாக்கலை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. குளிர்வித்து மறுபடியும் சூடாக்குவோம். இரண்டாவது முறையிலும் அதே முனை அதே பரப்போடு வந்தால்தான் மாற்றம் மீளக்கூடியது, என்தால்பி நம்பத்தக்கது என்று எடுத்துக்கொள்வோம். நீங்களும் இரண்டாவது சூடாக்கலைப் பார்த்துவிட்டுப் படிகத்தன்மையை எழுதுவது நல்லது என்று தோன்றுகிறது.

மீனாட்சி, தத்தமங்கலம்

அனிதா, உங்கள் புரதத்துக்கு அது சரியான சோதனை. புரத மூலக்கூறு அவிழ்ந்து திரும்ப மடிகிறதா, அல்லது ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறதா என்பதை இரண்டாவது சூடாக்கல் சொல்லிவிடும். பிரிஃபார்மில் நிலைமை நேர் எதிரானது. செந்தில்குமாருக்குத் தெரிய வேண்டியது, அச்சு இந்தத் துண்டுக்குள் எதை விட்டுவைத்தது என்பது. 280 டிகிரியில் உருகிய கணமே அந்த வரலாறு அழிந்துவிடும். அதன்பின் நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் குளிர்வித்தால் பெட் நிதானமாகப் படிகமாகி, இரண்டாவது சூடாக்கலில் 134 டிகிரி மேடே இல்லாமல் உருகு முனை மட்டும் வரும். அப்போது கிடைக்கும் விழுக்காடு கருவியின் குளிர்விப்பு வேகத்தால் உண்டானது, பிரிஃபார்மைப் பற்றியது அல்ல. இரண்டாவது சூடாக்கலும் குளிர்விக்கும் வளைவும் பிசினைப் பற்றி அறிய உதவும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கலீல், வாளையாறு

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் பழைய பாட்டில்களை நறுக்கிக் கழுவி, செதில்களாக விற்கிறோம். எங்கள் செதில்களுக்கு எடுத்த வரைபடத்தில் அந்த 130 டிகிரி மேட்டின் உச்சியில் ஒரு பள்ளம் விழுந்து, இரண்டு மேடாகத் தெரிகிறது. வாங்குபவர், இரண்டு வகை பெட் கலந்திருக்கிறது என்று விலையைக் குறைக்கப் பார்க்கிறார். அது உண்மையா?

மீனாட்சி, தத்தமங்கலம்

கலீல், இரண்டு வகை பெட் என்று அதைக்கொண்டு மட்டும் சொல்ல முடியாது. எனக்கு முதலில் மூடியின் மேல்தான் சந்தேகம் வருகிறது. மூடிகளில் பெரும்பாலானவை உயரடர்த்திப் பாலிஎத்திலீனால் அல்லது பாலிபுரோப்பிலீனால் ஆனவை. உயரடர்த்திப் பாலிஎத்திலீன் 130 டிகிரி அருகே உருகுகிறது. மேல்நோக்கி வரும் பெட்டின் மேட்டுக்கு நடுவே, கீழ்நோக்கி வரும் பாலிஎத்திலீன் முனை அமர்ந்தால் நீங்கள் சொன்ன பள்ளம் விழும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால், முதல் சூடாக்கலில் இரண்டின் பரப்பையுமே நம்ப முடியாது.

உங்களுக்குத்தான் இரண்டாவது சூடாக்கல் வேண்டும். பெட் குளிரும்போதே படிகமாகிவிடுவதால் அங்கே மேடு இருக்காது. 130-இல் ஒரு முனை தனியாக நின்றால் பாலிஎத்திலீன், 160-ஐத் தாண்டி நின்றால் பாலிபுரோப்பிலீன். இரண்டுமே இல்லை என்றால் என் சந்தேகம் தவறு, வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: பாத்திரத்துக்குள் போவது சில மில்லிகிராம், அதாவது ஒரு செதிலின் ஒரு மூலை. அதில் ஒரு மூடித் துணுக்கு இருந்தால் மூட்டையே கெட்டது என்றோ, இல்லாவிட்டால் மூட்டையே சுத்தம் என்றோ சொல்லிவிட முடியாது. மூட்டையின் பல இடங்களிலிருந்து எடுத்து, பல முறை பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் மிதப்பதை வடித்தெடுக்கும் கட்டத்தையும் ஒரு முறை கவனியுங்கள். இரண்டு மூடி வகைகளும் நீரில் மிதப்பவை, பெட் மூழ்கும்.

செந்தில்குமார், 6 விழுக்காடு என்று எழுத இன்னும் அவசரப்பட வேண்டாம். கழித்தல் வாய்ப்பாடு எல்லோரும் பயன்படுத்துவதுதான், ஆனால் அது கிட்டத்தட்டப் படிகமே இல்லாத துண்டுக்கும் சில விழுக்காடு காட்டும். அதற்கு இரண்டு காரணங்கள், இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன.

ஒரு கிராம் பெட் 134 டிகிரியில் படிகமாகும்போது வெளிவிடும் வெப்பமும், அதே ஒரு கிராம் 247 டிகிரியில் உருகும்போது உறிஞ்சும் வெப்பமும் சமம் அல்ல. இடைப்பட்ட நூற்றுச் சொச்சம் டிகிரியில், படிகமாகாத பெட்டின் வெப்பக் கொள்ளளவு படிகத்தினுடையதைவிடக் கூடுதலாக இருப்பதால், உயர்ந்த வெப்பநிலையில் உருகும் என்தால்பி பெரிதாகிறது. எனவே மேட்டில் உருவான படிகம் முழுவதும் முனையில் உருகினாலும், கழித்தால் பூஜ்யம் வராது, கொஞ்சம் மிஞ்சும். இது முதல் காரணம்.

இரண்டாவது, மேடு முடிந்துவிட்டதாக நாம் கோடு வரையும் 150 டிகிரிக்குப் பிறகும் துண்டு சும்மா இருப்பதில்லை. 230 டிகிரி வரை மெல்லிய தகடுகள் தடிப்பதும் புதிய படிகம் சேர்வதும் தொடர்கின்றன. அந்த வெப்பம் எண்பது டிகிரி அகலத்தில் பரவி வெளியேறுவதால் கண்ணுக்கு அது அடிக்கோடாகவே தெரியும். நாமும் அதன் மேலேயே கோடு வரைந்துவிடுவோம். உருகும் பக்கத்தில் அதன் முழுப் பங்கும் எண்ணப்படுகிறது, படிகமாகும் பக்கத்தில் எண்ணப்படவில்லை.

இரண்டாவது குறையைப் பெரிதும் தவிர்க்க வழி இருக்கிறது. மேட்டுக்கு ஒரு கோடு, முனைக்கு ஒரு கோடு என்று வரையாதீர்கள். படி முடிந்து வரைபடம் சமனாகும் 100 டிகிரியிலிருந்து, உருகி முடிந்து சமனாகும் 270 டிகிரி வரை ஒரே நேர்க்கோடு இழுங்கள். உருகிய பகுதியின் சாய்வை இடப்பக்கம் நீட்டினால் அது 100 டிகிரியில் வரைபடத்தோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் கோடு நல்லது. பிறகு கோட்டுக்கு மேலே உள்ளதைக் கழித்தலாகவும், கீழே உள்ளதைக் கூட்டலாகவும் வைத்து மொத்தப் பரப்பை ஒரே தடவையில் எடுங்கள்.

இதைச் செய்வதற்கு முன் துண்டின் ஈரம் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 100 டிகிரி அருகே கோடு கீழே இழுபடும். பிசினை உலர்த்துவதுபோல் 160 டிகிரி அடுப்பில் வைத்துவிடாதீர்கள், துண்டு அங்கேயே படிகமாகி வெளுத்துவிடும். அறை வெப்பநிலையில் சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலத்தில் சில நாள் வைத்தால் போதும்.

செந்தில்குமார், கஞ்சிக்கோடு

டீச்சர் சொன்னபடி உலர்கலத்தில் வைத்த புதிய துண்டுகளை அதே ஆய்வகத்தில் மறுபடி எடுத்தேன்.

100 டிகிரி வரை சூடாக்கி இறக்கி, மறுபடி சூடாக்கியதில் 81 டிகிரி முனை போய்விட்டது, படி மட்டும் 77 டிகிரியில் நிற்கிறது. முழுச் சூடாக்கலில், மேட்டையும் முனையையும் தனித்தனியே எடுத்தால் பழையபடி 6 விழுக்காட்டை ஒட்டியே வருகிறது. ஒரே கோடாக 100-இலிருந்து 270 வரை இழுத்தபோது மிஞ்சியது 4.2 ஜூல்/கிராம், அதாவது 3 விழுக்காடு. கோட்டின் இடது முனையை 95-க்கும் 105-க்கும் நகர்த்திப் பார்த்தேன். ஒரு விழுக்காடு ஏறி இறங்குகிறது.

ரமேஷ், வேலந்தாவளம்

கோட்டை நகர்த்தினால் மூன்றில் ஒரு பங்கு மாறும் எண்ணை வைத்து வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது? போதாக்குறைக்கு 140 என்பதும் எல்லோருக்கும் ஒரே எண் அல்ல. முழுப் படிக பெட்டுக்கு 115 என்று வைத்துக் கணக்கிடுபவர்களும் உண்டு. அப்படிப் பார்த்தால் இதே 4.2 ஜூல் 3.7 விழுக்காடாகிவிடும். அடர்த்தியை அளப்பதே நேர்வழி என்று நினைக்கிறேன். படிகமற்ற பெட்டுக்கு 1.335, முழுப் படிகத்துக்கு 1.455 என்ற எண்களை வைத்து, கால்சியம் நைட்ரேட் கரைசலில் துண்டு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

மீனாட்சி, தத்தமங்கலம்

ரமேஷ் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அடர்த்தியையும் அளந்து பாருங்கள். குமிழியோ நிறப்பொடியோ கலந்த துண்டுக்கு மட்டும் அந்த எண் ஏமாற்றும். 140 எடுத்தீர்களா, 115 எடுத்தீர்களா என்பதை அறிக்கையில் எழுதாமல் விழுக்காட்டை மட்டும் தருவது பயனற்றது. ஜூல் அளவை எழுதிவிட்டால் படிப்பவர் தாமே வகுத்துக்கொள்ளலாம்.

ஆனால் எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. செந்தில்குமார், வாடிக்கையாளர் மங்கல் என்று சொன்னது எந்த இடத்தை? நீங்கள் வெட்டியது நடுச்சுவரை.

செந்தில்குமார், கஞ்சிக்கோடு

அவர்கள் அனுப்பிய படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில், பிசின் உள்ளே நுழையும் புள்ளியைச் சுற்றி ஒரு வெண்மை வளையம் இருக்கிறது. சுவரில் ஒன்றுமில்லை. அந்தப் புள்ளியை மட்டும் கூர்க்கத்தியால் சீவி எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தேன், 5.85 மில்லிகிராம் தேறியது. அதில் 77 டிகிரிப் படி உயரம் குறைந்திருக்கிறது. மேட்டின் பரப்பு 10 ஜூல்/கிராம்தான். உருகு முனை 38. கழித்தல் கணக்கில் 20 விழுக்காடு.

சுவரின் அடர்த்தி 1.338 வந்தது. ரமேஷ் சார் சொன்ன எண்களில் அது இரண்டரை விழுக்காட்டை ஒட்டி வருகிறது.

மீனாட்சி, தத்தமங்கலம்

ஒரே பிரிஃபார்மில் உருகு முனை இரண்டு இடத்திலும் 38-ஐ ஒட்டியே இருக்க, மேடு மட்டும் 29-இலிருந்து 10-க்கு இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். உருகு முனையை மட்டும் எழுதிய முதல் அறிக்கை, சுவருக்கும் அடிப்புள்ளிக்கும் ஒரே 27 விழுக்காட்டைத்தான் தந்திருக்கும். படியின் உயரம் குறைந்ததும் தனிச் சாட்சி, ஏனென்றால் படிகமாகாத பகுதி மட்டுமே அந்தப் படியைத் தருகிறது. அடிப்புள்ளியில் 20 என்பது சற்று மிகையாக இருக்கலாம், ஆனால் சுவரின் 3-க்கும் அதற்கும் உள்ள தூரத்தை எந்தக் கோடு வரைந்தாலும் மறைக்க முடியாது.

ரமேஷ், வேலந்தாவளம்

அப்படியானால் பிசின் நுழையும் முனையில் சூடு அதிகம், அச்சின் அடிப்பகுதிக்குக் குளிர்நீர் போதவில்லை. பிசினில் குறை தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

மீனாட்சி, தத்தமங்கலம்

இருக்கலாம், ஆனால் பிசினை அவ்வளவு சீக்கிரம் விடுவிக்க மாட்டேன். சரியாக உலராத பிசின் உருகும்போது நீர் சங்கிலிகளை வெட்டுகிறது. குட்டையான சங்கிலிகள் வேகமாகப் படிகமாகும். அப்போது குளிர்விப்பு பழைய அளவிலேயே இருந்தாலும் வளையம் விழும், அதுவும் கடைசியாகக் குளிரும் அடிப்புள்ளியில் முதலில் விழும். குளிர்விக்கும் வளைவு இங்கேதான் பயன்படும். உலர்த்திய மூலப் பிசின் மணியையும் பிரிஃபார்ம் துண்டையும் 280 டிகிரியில் ஒரே அளவு நேரம் நிறுத்தி, நிமிடத்துக்கு 10 டிகிரி வேகத்தில் இறக்குங்கள். பிரிஃபார்மின் படிகமாதல் உச்சி மணியினுடையதைவிடப் பல டிகிரி மேலே வந்தால், இயந்திரத்துக்குள் சங்கிலி வெட்டுப்பட்டிருக்கிறது என்ற பக்கம் எடை கூடும். பிரிஃபார்மில் கலந்த நிறமோ தூசியோ கருவாக நின்றாலும் உச்சி மேலே போகும் என்பதால், சங்கிலியின் நீளத்தைக் காட்டும் கரைசல் பிசுக்குமையையும் அளந்த பின்பே உறுதியாகச் சொல்லலாம்.

செந்தில்குமார், கஞ்சிக்கோடு

மணியும் துண்டும் உலர்கலத்தில் வைத்தாயிற்று. குளிர்நீர்க் குழாயின் அளவியைப் பராமரிப்புப் பிரிவு நாளை பார்க்கிறது. குளிர்விக்கும் வளைவுகள் வந்ததும் இரண்டையும் ஒரே அச்சில் வரைந்து இங்கே இடுகிறேன்.

கலீல், வாளையாறு

டீச்சர், இரண்டாவது சூடாக்கலில் 129 டிகிரியில் ஒரு முனை தனியாக நிற்கிறது. மூன்று மூட்டையில் இரண்டில் இருக்கிறது, ஒன்றில் இல்லை. இனி எத்தனை இடத்தில் எடுத்தால் வாங்குபவர் ஒப்புக்கொள்வார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.